21ஆம் நாள் இரத்தமும் 22ஆம் நாள் வெப்பமும்: ஒரு மாத அட்டவணையின் ஆய்வு

ஆரையம்பதிப் பக்கத்தில் நான் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றும் பிரிவில் வசிக்கும் 28 வயதுப் பெண்ணொருவர், சென்ற கார்த்திகை மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, கையிலிருந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை நீட்டி, "மிஸ்ஸி, எனக்கு முட்டை வாறதில்லையாம்" என்றார். வீட்டிலிருந்தபடி தையல் தொழில் செய்பவர் அவர். கணவர் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே லொறி ஓட்டுபவர். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தை வேண்டுமென்று அவர்கள் எண்ணத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. கணவரின் விந்துப் பரிசோதனையில் குறை இல்லை. அந்தப் பெண்ணின் தைரொயிட், புரொலக்ரின் அளவுகளும், கருப்பையையும் சூலகங்களையும் பார்த்த ஸ்கேனும் இயல்பாகவே இருந்தன.

அறிக்கையில் இருந்தது ஒரேயொரு எண். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 21ஆம் நாளில் எடுத்த இரத்தத்தில் புரொஜெஸ்தரோன் ஒரு மில்லிலீற்றருக்கு 0.8 நனோகிராம். அதைப் பார்த்த தனியார் கிளினிக்கொன்றில் முட்டை வெளியேறவில்லை என்று சொல்லி, முட்டை வளர்வதற்கான மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரையை அவர் இன்னும் வாங்கவில்லை. நான் அறிக்கையை மடித்துக் கொடுத்துவிட்டு, மாதவிடாய்த் திகதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டேன். தையல் அளவுகள் எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். கடந்த ஆறு மாதங்களில் அவருடைய சுற்று ஒருமுறைகூட 32 நாளுக்குக் குறைந்ததில்லை. ஒருமுறை 36 நாள்வரை போயிருந்தது. அதைவிட முக்கியமான விடயம் ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. இரத்தம் எடுத்த திகதிக்குச் சரியாகப் பதினைந்து நாள் கழித்துத்தான் அவருக்கு அடுத்த மாதவிடாய் வந்திருந்தது.

21ஆம் நாளில் இரத்தம் எடுக்கும் வழக்கம் 28 நாள் சுற்றை வைத்து வந்தது. முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த புடைப்பு மஞ்சட்சடலமாக மாறிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கரு தங்காவிட்டால் அந்த மஞ்சட்சடலம் ஏறக்குறைய 12 முதல் 14 நாள்வரை உயிர்ப்புடன் இருந்து, பிறகு வாடிவிடுகிறது. உடனே மாதவிடாய் வருகிறது. ஆகவே சுற்றின் பிற்பகுதி பெண்ணுக்குப் பெண் அதிகம் மாறுவதில்லை. சுற்றை நீட்டுவதும் குறுக்குவதும் பெரும்பாலும் முட்டை முதிர எடுக்கும் முற்பகுதிதான். புரொஜெஸ்தரோன் உச்சத்தில் இருப்பது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு. 28 நாள் சுற்றில் அது 21ஆம் நாளில் விழுகிறது. 35 நாள் சுற்றுள்ள ஒருவருக்கு அதே இடம் 28ஆம் நாள். இந்தப் பெண்ணுக்கு 21ஆம் நாளில் எடுத்த இரத்தம், முட்டை வெளியேறிய அன்றோ அதற்கு முந்திய நாளோ எடுத்ததாக இருக்கலாம். அந்த நேரத்தில் புரொஜெஸ்தரோன் குறைவாக இருப்பதுதான் இயல்பு. கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து ஒரு கழித்தல் கணக்குப் போட்டிருந்தாலே இந்தச் சந்தேகம் எழுந்திருக்கும். அதை யாரும் செய்யாதது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆனால் இது சந்தேகம் மட்டுமே. முட்டை வெளியேறாமலும் இரத்தப்போக்கு வரலாம் என்பதால், மாதவிடாய்த் திகதிகளை மட்டும் வைத்து முட்டை வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வழி, காலையில் எழும்பும் முன் உடலின் அடிநிலை வெப்பத்தை நாள்தோறும் குறிப்பது. புரொஜெஸ்தரோன் இரத்தத்தில் கூடும்போது, உடல்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் பகுதியாகிய பரிவகக்கீழ், தான் காக்கும் வெப்பநிலையைச் சற்று மேலே நகர்த்துகிறது. அந்த நகர்வு 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் அளவானது. கையால் தொட்டுப் பார்த்து அதை உணர முடியாது. அந்தப் பெண்ணுக்கும் காய்ச்சல் போலத் தோன்றாது. நடப்பதும் பேசுவதும் தேநீர் குடிப்பதும் அதைவிடக் கூடுதலாக உடல்வெப்பத்தை மாற்றிவிடும். எனவேதான் தூக்கத்திலிருந்து விழித்த கணத்தில், பாயைவிட்டு எழும்பும் முன் அளக்க வேண்டும் என்கிறோம்.

முதல் தடங்கல் வெப்பமானியிலேயே வந்தது. பாமசியில் அவர் வாங்கிய எண்முறை வெப்பமானி ஒரு தசம தானத்தை மட்டுமே காட்டியது. காய்ச்சல் பார்க்க அது போதும். ஆனால் நாம் தேடும் உயர்வே 0.2 அல்லது 0.3 பாகையாக இருக்கும்போது, கருவி ஒவ்வொரு நாளும் முழுமையாக்கிக் காட்டும் சிறு பிழை அதில் பாதியை விழுங்கிவிடும், அல்லது இல்லாத உயர்வை இருப்பதாகக் காட்டிவிடும். கணவர் கொழும்பிலிருந்து இரண்டு தசம தானம் காட்டும் வெப்பமானியொன்றை வாங்கி வந்தார். நாக்கின் அடியில், ஒரே பக்கத்தில், வாயை மூடி வைத்து அளக்கும்படி சொன்னேன். வாயால் மூச்சு விட்டபடி தூங்கியிருந்தால் வாய் குளிர்ந்திருக்கும் என்பதால், உதடுகளை மூடி ஒரு நிமிடம் பொறுத்த பிறகே கருவியை வைக்கச் சொன்னேன். அளப்பதற்கு முன் குறைந்தது மூன்று மணிநேரமாவது தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். அளக்கும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதிகாலையில் மிகத் தாழ்ந்திருக்கும் உடல்வெப்பம், நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும், விடிய விடியத் தானாகவே ஏறிக்கொண்டு போகும். அவர் காலை ஐந்து மணியைத் தெரிவு செய்தார். குறிப்பதற்குச் சதுரக்கோட்டுக் கொப்பி. கீழிருந்து மேலாக ஒரு கட்டத்துக்கு 0.05 பாகை, இடமிருந்து வலமாக ஒரு கட்டத்துக்கு ஒரு நாள். இந்த அளவில் வரைந்தால் 0.3 பாகை உயர்வு ஆறு கட்டமாகத் தெரியும். கண் அதைத் தவறவிடாது.

முதல் அட்டவணை மார்கழியில் தொடங்கியது. மாதவிடாயின் முதல் இரண்டு நாள்களில் வெப்பம் 36.4ஐ ஒட்டி இருந்து, பிறகு 36.3 பாகைக்குக் கீழே இறங்கி அங்கேயே ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. எட்டாம் நாளில் மட்டும் 36.62. அந்தப் புள்ளியின் கீழே அவரே "விடிய ஏழேகால், மழை, எழும்பேல்ல" என்று எழுதியிருந்தார். இரண்டு மணிநேரத்துக்கு மேல் பிந்தி அளந்த புள்ளி அது. அதை அழிக்க வேண்டாம், அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு வாசிக்கும்போது கணக்கில் சேர்க்காமல் விடுவோம் என்றேன். காரணம் எழுதிய புள்ளியை ஒதுக்கலாம். காரணம் எழுதாத புள்ளியை விருப்பம்போல் ஒதுக்கத் தொடங்கினால் அட்டவணை நாம் காண விரும்பியதைத்தான் காட்டும்.

ஒன்பதாம் நாளில் திருவெம்பாவைப் பூசை தொடங்கியது. பத்து நாளும் விடியற்காலைப் பூசைக்குப் போவதற்காக அவர் மூன்றரை மணிக்கு எழும்பினார். வெப்பத்தையும் அப்போதே அளந்தார். புள்ளிகள் யாவும் ஒரேயடியாகச் சற்றுக் கீழே இறங்கி 36.15க்கும் 36.20க்கும் இடையே நின்றன. பூசை முடிந்த மறுநாள், அதாவது 19ஆம் நாள், வழக்கம்போல் ஐந்து மணிக்கு அளந்தபோது 36.31. அன்று காலையிலேயே என்னை அழைத்து, "ஏறிட்டுது மிஸ்ஸி!" என்றார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டபோது பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முந்திய நாளைவிட வெப்பம் 0.12 பாகை கூடியிருந்தது உண்மை. ஆனால் அளந்த நேரமும் ஒன்றரை மணிநேரம் பிந்தியிருந்தது. எந்த அளவு உடலால் வந்தது, எந்த அளவு மணிக்கூட்டால் வந்தது என்று அந்த ஒரு புள்ளியை வைத்துப் பிரித்தறிய முடியாது. அடுத்த இரண்டு நாள்களும் 36.28, 36.26 என்று பழைய மட்டத்திலேயே நின்றன. பிறகு 22ஆம் நாள் 36.46, 23ஆம் நாள் 36.57, 24ஆம் நாள் 36.60.

இங்கே நாம் பின்பற்றிய விதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் விதி இல்லாமல் கண்ணால் மட்டும் பார்ப்பதால் வருகின்றன. தொடர்ச்சியான மூன்று புள்ளிகள், அவற்றுக்கு முந்திய ஆறு புள்ளிகள் எல்லாவற்றையும்விட மேலே இருக்க வேண்டும். அந்த மூன்றில் மூன்றாவது புள்ளி, முந்திய ஆறில் மிக உயர்ந்ததைவிடக் குறைந்தது 0.2 பாகை மேலே இருக்க வேண்டும். நாங்கள் 22ஆம் நாளுக்கு முந்திய ஆறு புள்ளிகளை எடுத்தோம். அவற்றில் மூன்று பூசை நாள்களுக்கு உரியவை: 36.17, 36.20, 36.19. மற்ற மூன்றும் ஐந்து மணிக்கு அளந்தவை: 36.31, 36.28, 36.26. ஆறிலும் உயர்ந்தது 36.31. அந்த மட்டத்தில் அளவுகோலை வைத்து அட்டவணையின் கடைசிவரை ஒரு கோடு இழுத்தோம். 22, 23, 24 ஆகிய மூன்று நாள்களும் கோட்டுக்கு மேலே நின்றன. மூன்றாவது நாள் கோட்டைவிட 0.29 பாகை மேலே. விதி நிறைவேறியது.

இந்தக் கோட்டைச் சராசரியின் மேல் போடாமல் மிக உயர்ந்த புள்ளியின் மேல் போடுவதன் பயன் இந்த அட்டவணையில் நன்றாகத் தெரிந்தது. பூசை நாள்களின் தாழ்ந்த புள்ளிகள் சராசரியைக் கீழே இழுத்திருக்கும். உயர்ந்த புள்ளியை அவற்றால் தொட முடியாது. அதேநேரம், ஆறு புள்ளிகளுமே மூன்றரை மணிக்கு அளந்தவையாக இருந்திருந்தால், கோடு 36.20இல் விழுந்து, ஐந்து மணிக்குத் திரும்பியதால் மட்டும் வந்த ஏற்றத்தை முட்டை வெளியேறியதன் அடையாளமாக நாம் எண்ணத் தொடங்கியிருப்போம். மூன்றாம் நாளுக்கு 0.2 பாகை வேண்டும் என்ற நிபந்தனை அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

22ஆம் நாளிலிருந்து வெப்பம் கோட்டுக்கு மேலேயே இருந்தது. 27ஆம் நாள் தடிமனும் காய்ச்சலும் வந்து 37.35 வரை போனது. காய்ச்சல் இருந்த இரு நாள்களை அடைப்புக்குறிக்குள் வைத்தோம். உயர்வு ஏற்கெனவே உறுதியான பின் வந்த காய்ச்சல் என்பதால் முடிவைப் பாதிக்கவில்லை. அது 22ஆம் நாளில் வந்திருந்தால் அந்த மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க முடியாது. 35ஆம் நாள் வெப்பம் 36.40க்கு இறங்கியது, மறுநாள் மாதவிடாய். உயர்ந்த நாள்கள் மொத்தம் பதினான்கு. முதற்பகுதி நீளம், பிற்பகுதி இயல்பு. முட்டை வெளியேறுவது பெரும்பாலும் உயர்வு தொடங்குவதற்கு முந்திய நாளை ஒட்டி நடக்கிறது. ஓரிரு நாள் முன்பின்னாகவும் இருக்கலாம். எனவே அவருக்கு அந்த மாதம் 21ஆம் நாளை ஒட்டி முட்டை வெளியேறியிருக்க வேண்டும் என்பதே எங்கள் வாசிப்பு. உயர்வுக்குச் சற்று முன் வெப்பம் ஒருநாள் சட்டென்று இறங்கும் என்றும் அதுவே முட்டை வரும் நாள் என்றும் பலர் சொல்வார்கள். இவருடைய அட்டவணையில் அப்படியொரு இறக்கம் இல்லை. பல பெண்களுக்கு அது தோன்றுவதே இல்லை, தோன்றினாலும் நம்பத்தக்கதில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் அரச வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் சென்றார். அங்கிருந்த மகப்பேற்று நிபுணர் அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தி வைத்து, இரத்தத்தை மீண்டும் சோதிக்கலாம், இந்த முறை நாளை அட்டவணையே சொல்லட்டும் என்றார். இரண்டாம் சுற்றில் உயர்வு 20ஆம் நாள் தொடங்கியது. 22ஆம் நாள் மூன்றாவது உயர்ந்த புள்ளி விழுந்து விதி நிறைவேறியதும், முட்டை வெளியேறியது 19ஆம் நாளை ஒட்டி என்று கொண்டு, ஏழு நாள் கூட்டி 26ஆம் நாளில் இரத்தம் கொடுக்க ஏற்பாடு செய்தோம். புரொஜெஸ்தரோன் 12.6 நனோகிராம். மூன்றுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளியேறியது என்று கொள்வார்கள். பத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. அந்தச் சுற்று 33 நாளில் முடிந்தது.

ஆனால் கர்ப்பம் தரிக்காமல் பதினான்கு மாதங்கள் போனதற்குப் பரிசோதனைத் திகதி காரணமாக முடியாதே. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் இன்னொரு எண் வெளியே வந்தது. "பதினாலாம் நாள்தான் நல்ல நாள் எண்டு சொன்னவங்க" என்றார். கணவர் 12ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள்வரை வீட்டில் நிற்கும்படி லொறிப் பயணங்களை மாற்றி, அந்த நாள்கள் முடிந்ததும் விட்ட பயணங்களை ஈடுசெய்யத் தொடர்ந்து ஒரு வாரம் வெளியே போய்விடுவார். விந்தணு பெண்ணின் உடலில் அதிகம் போனால் ஐந்து நாள் உயிரோடிருக்கும். முட்டை வெளியேறிய பின் 12 முதல் 24 மணிநேரம்தான். 15ஆம் நாளிலிருந்து ஐந்து நாள் எண்ணினால் 20ஆம் நாள். முட்டையோ 21ஆம் நாளை ஒட்டி வருகிறது. பதினான்கு மாதங்களாக அவர்கள் மிகுந்த ஒழுங்கோடு, பெரும்பாலும் சில நாள்கள் முந்திவிட்டிருந்தார்கள்.

அட்டவணை கையில் வந்ததும் அவர் உடனே கேட்டது, வெப்பம் ஏறும் நாளில் கணவரை வரச் சொல்லட்டுமா என்பது. பலரும் தவறும் இடம் இதுதான். வெப்பம் ஏறுவது, முட்டை வெளியேறி, மஞ்சட்சடலம் உருவாகி, புரொஜெஸ்தரோன் கூடிய பின்னர்தான். புள்ளி மேலே போவதைக் கண்ணால் பார்க்கும் நேரத்தில் முட்டையின் ஆயுள் முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்கள், முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும். நடந்து முடிந்ததை உறுதிப்படுத்துவது வெப்பம். வரப்போவதைச் சொல்வது கருப்பைக் கழுத்திலிருந்து வரும் திரவம். முட்டை முதிரும்போது ஈஸ்திரஜன் கூடி, அந்தத் திரவம் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் வழுக்கலாகவும் நீண்டு வரும். இரண்டாம் சுற்றில் இருந்து வெப்பப் புள்ளியின் கீழே ஒரு வரியில் அதையும் எழுதச் சொன்னேன். அந்த மாதம் 15ஆம் நாள் தொடங்கி 19ஆம் நாள்வரை அவர் அந்த வரியில் "வழுக்கல்" என்று குறித்திருந்தார். 20ஆம் நாள் "இல்லை". வெப்பம் ஏறத் தொடங்கியதும் அதே நாள்தான். இரண்டு அடையாளங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால், அடுத்த மாதத்துக்கான நாள்களை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

இதே கொப்பியைப் பிள்ளை வேண்டாம் என்பதற்கும் பயன்படுத்தலாமா என்று அயலில் உள்ள பெண்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உயர்வு உறுதியாகும்வரை ஒரு நாளைக்கூடப் பாதுகாப்பான நாள் என்று எண்ணக்கூடாத கடினமான ஒழுங்கு அதற்குத் தேவை. பயிற்சி பெற்ற ஒருவரோடு சில சுற்றுகள் அமர்ந்து கற்காமல் அதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த அட்டவணையால் சொல்ல முடியாதவையும் உண்டு. கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா, முட்டை நல்ல நிலையில் இருக்கிறதா என்பவற்றை வெப்பம் அறியாது. மாதம் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் கோட்டைப் பார்த்து முட்டை வரவில்லை என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. முட்டை வெளியேறியும் வெப்பம் தெளிவாக ஏறாத பெண்கள் சிலர் உண்டு. அப்படியொரு அட்டவணை இரண்டு, மூன்று மாதம் தொடர்ந்தால் அதை வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தாலோ ஸ்கேனாலோ உறுதிப்படுத்த வேண்டும். உயர்ந்த நாள்கள் பத்துக்கும் குறைவாகவே மாதாமாதம் வந்தாலும் அவ்வாறே. மறுபக்கம், உயர்ந்த வெப்பம் இறங்காமல் 18 நாளைத் தாண்டினால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். கரு தங்கியிருந்தால் மஞ்சட்சடலம் வாடாது, வெப்பமும் இறங்காது.

இதை எழுதும்போது அவருடைய மூன்றாவது அட்டவணை நடந்துகொண்டிருக்கிறது. இன்று 17ஆம் நாள். காலை ஐந்து மணிக்கு 36.27, கீழே "வழுக்கல், ரெண்டாம் நாள்" என்ற குறிப்பு. கணவர் இந்த வாரத்துக் கொழும்புப் பயணங்கள் இரண்டையும் வேறொரு சாரதியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் நிற்கிறார்.